பஜ்ஜியின் மொறுமொறுப்பு

திருச்சியைச் சுற்றிக் காவிரிக் கரையெங்கும் வாழை. அதனால் ஸ்ரீரங்கத்தில் மாலைப் பலகாரம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வாழைக்காய் பஜ்ஜிதான். அதன் மேல்தோலுக்கு என் ஓட்டு அரிசி மாவுக்கே.

வெறும் கடலை மாவில் போட்டால் பஜ்ஜி உப்பும். ஆனால் இலைக்கு வருவதற்குள் தோல் தொய்ந்துவிடும். உள்ளிருக்கும் காயின் ஈரம் ஆவியாகி வெளியேறும்போது தோலை நனைப்பதுதான் காரணம். ஒரு கப் கடலை மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு கலந்தால் தோல் இறுகி நிற்கும். கால் கப்பைத் தாண்டினால் தட்டையைக் கடிப்பதுபோல் ஆகிவிடும். மாவு காயில் ஒட்டி மெதுவாக வழிய வேண்டும். நீர்த்தால் எண்ணெய் குடிக்கும். ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டால் உடனே மேலெழ வேண்டும், கருகக் கூடாது.

சோள மாவு வெறும் ஸ்டார்ச். கோபி 65-க்கு அது தரும் மெல்லிய, கண்ணாடிபோல் உடையும் தோல் அழகுதான். ஆனால் தனியாகப் போட்டால் வெளிறியே இருக்கும், ஆறினால் சீக்கிரம் நமுத்தும் போகும். அதிலும் பாதி அரிசி மாவு சேர்ப்பது நல்லது.

ரொட்டித் தூளைப் பஜ்ஜியில் போடுவது வீண். அது ஏற்கெனவே வெந்தது, சீக்கிரம் சிவந்துவிடும். பச்சைக் காய் வேகும் முன் கருகும். உள்ளே எல்லாம் வெந்த கட்லெட்டுக்கு அதுவே சரி. மைதாக் கரைசலில் முக்கிப் புரட்டினால் ஒட்டும்.