மூன்றெழுத்துத் தூரமும் ஓரெழுத்துத் தூரமும்

பில்லை ஸ்கேன் செய்து பெயரைப் படித்தெடுக்கும் மென்பொருளுக்கு `Sri Lakshmi Traders` ஒரு கடை, `Sri Laxmi Traders` இன்னொரு கடை. அச்சகத்தில் பில் புத்தகம் அடித்தவர் எழுத்துக்கூட்டியதுதான் வித்தியாசம். ஆனால் சப்ளையர் பட்டியலில் இரண்டு பதிவுகள் விழுந்துவிடும். அதே பில் தபாலில் ஓர் எழுத்துக்கூட்டிலும் மின்னஞ்சலில் மற்றதிலும் வந்தால், பில் எண்ணை ஒரே சப்ளையருக்குள் மட்டும் ஒப்பிடும் சோதனை அதைக் கவனிக்காது. பணம் இருமுறை போகும்.

இதற்கு வழக்கமான மருந்து எழுத்துத் தூரம்: ஒரு பெயரை மற்றொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்ற கணக்கு. தட்டச்சுப் பிழைக்கு இது நன்றாகவே உதவும். நம்மூர்ப் பெயர்களிடம்தான் தடுமாறுகிறது. மேலே சொன்ன இரு லட்சுமிகளுக்கும் இடையே தூரம் 3. `A.K. Traders`, `A.R. Traders` இரண்டுக்கும் தூரம் 1. ஆனால் இவை வெவ்வேறு ஆட்களின் கடைகளாக இருக்கலாம். வரம்பை 3 என்று வைத்தால் ஏ.கே.யின் பணம் ஏ.ஆருக்குப் போகலாம். 1 என்று வைத்தால் லட்சுமி இரண்டாகவே நிற்பாள். எந்த எண்ணை வைத்தாலும் ஒரு பக்கம் இடிக்கும்.

அதனால் பெயரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, தீர்ப்பை ஜி.எஸ்.டி. எண்ணிடம் விடுவதே சரி என்பேன். 15 இலக்கம்: முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாடு 33), அடுத்த பத்து பான், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. பானில் ஐந்து எழுத்து, நான்கு எண், மறுபடி ஓர் எழுத்து என்று இடம் வகுத்திருப்பதால், ஸ்கேனர் 0-வை O என்று படித்தாலும் இருக்கும் இடத்தைப் பார்த்தே திருத்தலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. பில்லில் வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கும். மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டால் ஊரிலுள்ள கடையெல்லாம் ஒரே சப்ளையராகிவிடும். சரிபார்ப்பு இலக்கமும் சரியாகவே இருக்கும். முதலில் நம் சொந்த எண்ணை விலக்கிவிட வேண்டும். இன்னொன்று: ஒரே பானில் சென்னையிலும் பெங்களூரிலும் பதிவு இருந்தால் முதல் இரண்டு இலக்கம் மாறும், வரியும் மாறும். அங்கே சப்ளையர் ஒன்று, கிளைப் பதிவு இரண்டு.

பதிவே இல்லாத சிறு கடைகளுக்கு எண் கிடையாது. அங்கே பெயரோடு கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் பார்த்து, ஒரு மனிதர் 'இது அதுதான்' என்று ஒப்புக்கொண்டபின் அந்த எழுத்துக்கூட்டை மாற்றுப்பெயர் அட்டவணையில் சேர்ப்பார்கள். அடுத்தமுறை கேள்வியே எழாது. வசதி அதுதான், ஆபத்தும் அதுதான். அவசரத்தில் தவறாக ஒப்புக்கொண்ட ஒரு வரி மாதாமாதம் சத்தமில்லாமல் பணத்தைத் தவறான இடத்துக்கு அனுப்பும். ஒவ்வொரு பில்லும் எந்த மாற்றுப்பெயர் வழியாக, யார் ஒப்புதலில் சேர்ந்தது என்று எழுதிவைத்திருந்தால், அந்த ஒரு வரியை நீக்கிப் பாதிக்கப்பட்ட பில்களை மட்டும் பிரித்தெடுக்கலாம். எழுதிவைக்காத அலுவலகத்தில் அத்தனை பில்களையும் மறுபடி கையால் புரட்ட வேண்டியதுதான்.