படம் பிடித்தால் பட்டியல் வரும், கூட்டல்?

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் லாரி கிளம்பும் நாள் சாயங்காலம் ஒரு சிறு பரபரப்பு கட்டாயம் இருக்கும். பேக்கிங் செக்‌ஷனிலிருந்து பேக்கிங் லிஸ்ட் வர வேண்டும். எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, எத்தனை பீஸ், நெட் வெயிட் எவ்வளவு, கிராஸ் வெயிட் எவ்வளவு என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாள் பெரும்பாலும் போனில் எடுத்த படமாகத்தான் ஆபீசுக்கு வந்து சேர்கிறது. ஆபீசில் ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி கணினியில் அடிப்பார். இந்த மறு அடிப்பு இனி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு சந்தைக்கு வந்திருக்கும் செயலிகள் பல. அவற்றுள் ஒன்று, மாதச் சந்தாவில் கிடைப்பது, சில வாரங்களாக இப்படி ஒரு ஆபீசில் புழங்குகிறது. எத்தனை மெகாபிக்சல், எத்தனை மொழி என்ற விவரமெல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடலாம்.

வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. பிரிண்டரில் எடுத்த சுத்தமான தாளைப் படம் பிடித்தால், நிமிர்ந்து உட்காருவதற்குள் வரிசையும் பத்தியும் பிரிந்து அட்டவணை திரையில் நிற்கிறது. கோடு போடாத தாளில்கூடப் பத்திகளைச் சரியாகப் பிரிக்கிறது. அதோடு அது நிறுத்திக்கொள்கிறது என்பதுதான் சிக்கல். தாளில் இருப்பது எழுத்து வடிவம் என்று மட்டுமே அதற்குத் தெரியும். 12 பெட்டியை 40 பீஸால் பெருக்கினால் 480 வர வேண்டும் என்பது தெரியாது.

ஆபீசில் சோதனைக்குப் பயன்படுத்தியது 36 பெட்டிகள் கொண்ட ஒரு சிறிய சரக்கின் லிஸ்ட். தாளில் இருந்தது இது:

| சரக்கு | பெட்டி எண் | பெட்டிக்கு | பீஸ் | நெட் கிலோ | கிராஸ் கிலோ |
|---|---|---|---|---|---|
| ரவுண்ட் நெக் | 1-12 | 40 | 480 | 86.4 | 96.0 |
| போலோ காலர் | 13-27 | 24 | 360 | 90.0 | 102.0 |
| சிறுவர் டீ ஷர்ட் | 28-35 | 60 | 480 | 52.8 | 59.2 |
| கலப்புப் பெட்டி | 36 | 34 | 34 | 5.1 | 5.9 |
| மொத்தம் | 36 | | 1354 | 234.3 | 263.1 |

செயலி தந்த அட்டவணையில் மூன்று தவறுகள். முதல் வரியின் பெட்டி எண் "1-12" டிசம்பர் ஒன்றாம் தேதியாகியிருந்தது. போலோ காலரின் 360 பீஸ் 380 ஆகியிருந்தது. சிறுவர் டீ ஷர்ட்டின் 59.2 கிலோ, புள்ளி உதிர்ந்து 592 ஆகியிருந்தது. சந்தேகமான இடங்களை மஞ்சள் நிறத்தில் காட்டும் வசதி இந்தச் செயலியில் உண்டு. அது மஞ்சள் பூசியது "ரவுண்ட் நெக்" என்ற பெயருக்கு மட்டும்! எழுத்து மங்கலாக இருந்தால்தான் அதற்குச் சந்தேகம் வருகிறது. பளிச்சென்று அச்சாகியிருக்கும் ஒரு தவறான எண் அதன் கண்ணுக்குச் சரியான எண்தான். அதற்கு நேர் கீழே திரையின் பாதியை அடைத்துக்கொண்டு "அனைத்தையும் ஏற்கவும்" என்ற பொத்தான். அவசரத்தில் இருப்பவர் எதை அழுத்துவார் என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

தேதிக் கோளாறைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இது படம் படிப்பதில் வந்த பிழை இல்லை. செயலி "1-12" என்று சரியாகத்தான் படித்தது. கட்டத்தில் இறக்கும்போது கணக்கு அட்டவணை மென்பொருள் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. நாள் முன்னால், மாதம் பின்னால் என்ற நம் ஊர் அமைப்பில் 1-12 டிசம்பர் 1 ஆகிறது. 13-27 தேதியாக முடியாது என்பதால் எழுத்தாகவே தங்கிவிடுகிறது. ஒரே பத்தியில் ஒரு வரி தேதி, இரண்டு வரி எழுத்து, மற்றவை எண். தேதியான கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது 1900 ஜனவரியிலிருந்து எண்ணிய நாள் கணக்கு. 2025 டிசம்பர் 1 என்றால் 45992. அதை வைத்துப் பெட்டிகளை எண்ணினால் என்ன வரும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மரபணு ஆய்வாளர்களே இந்தத் தொல்லையைத் தாங்க முடியாமல் போனார்கள். MARCH1, SEPT1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் மார்ச், செப்டம்பர் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் குழு அவற்றை MARCHF1, SEPTIN1 என்று மாற்றிவிட்டது. இந்த வகை மாற்றங்களுக்கு இடம் தராத புதிய நெறிமுறையையும் 2020இல் வெளியிட்டது. தானாக மாற்றும் பழக்கத்தை நிறுத்தி வைக்கும் வசதி எக்செல்லுக்கு வந்தது 2023இல்தான். மரபணுவின் பெயரை மாற்றலாம். பெட்டிகளை 1-12 என்று எழுதாமல் வேறு எப்படி எழுதுவது?

எழுத வழி இருக்கிறது, அட்டவணையில். பெட்டி எண்ணை ஒரே கட்டத்தில் வைக்காமல் முதல் பெட்டி, கடைசிப் பெட்டி என்று இரண்டு பத்திகளாகப் பிரித்துவிட்டால் தேதி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெட்டி எண்ணிக்கையையும் தாளிலிருந்து எடுக்க வேண்டாம், கணக்கே சொல்லிவிடும். A சரக்கு, B முதல் பெட்டி, C கடைசிப் பெட்டி, D பெட்டி எண்ணிக்கை, E பெட்டிக்கு எத்தனை, F பீஸ், G நெட், H கிராஸ் என்று வைத்துக்கொண்டால், 2 முதல் 5 வரை சரக்கு, 6ஆம் வரி தாளில் எழுதியிருந்த மொத்தம். சரிபார்க்கும் சூத்திரங்கள் இவ்வளவுதான்:

```
=C2-B2+1
=D2*E2=F2
=B3=C2+1
=ROUND((H2-G2)/D2,2)
=ROUND(SUM(H2:H5),1)=H6
```

முதலாவது பெட்டிகளை எண்ணும். இரண்டாவது குறுக்கே பெருக்கிப் பார்க்கும். போலோ வரியில் 15 பெட்டி, பெட்டிக்கு 24, ஆக 360. கட்டத்தில் 380 இருந்தால் FALSE என்று வந்துவிடும். மூன்றாவது, முந்தைய வரியின் கடைசிப் பெட்டிக்கு அடுத்த எண்ணில்தான் இந்த வரி தொடங்குகிறதா என்று பார்க்கும். 28-35 என்பது 26-35 என்று படிக்கப்பட்டால் இங்கே மாட்டும். கடைசிச் சூத்திரத்தில் ROUND கட்டாயம். தசம எண்களைக் கூட்டும்போது கணினிக்குள் மிகச் சிறிய மிச்சம் ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு எண்கள் சமமில்லை என்று வந்து மனுஷனைக் குழப்பும்.

நான்காவதுதான் இந்தச் சோதனையின் எதிர்பாராத சந்தோஷம். கிராஸிலிருந்து நெட்டைக் கழித்தால் மிச்சம் காலிப் பெட்டியின் எடை. அட்டைப் பெட்டி, பாலி பேக், டேப் எல்லாம் சேர்த்து ஒரே அளவுப் பெட்டிக்கு ஏறத்தாழ ஒரே எடைதான் வர வேண்டும். மேலே உள்ள லிஸ்டில் நாலு வரியிலும் 0.8 கிலோ. 36 பெட்டிக்கு 28.8 கிலோ, மொத்தக் கிராஸுக்கும் மொத்த நெட்டுக்கும் உள்ள வித்தியாசமும் அதே 28.8. புள்ளி உதிர்ந்த வரியில் மட்டும் காலிப் பெட்டியின் எடை 67.4 கிலோ என்று வந்து நிற்கிறது! சிறுவர் பனியன் போடும் அட்டைப் பெட்டி அது. இந்தப் பத்தி தாளில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தாள் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது, செயலி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளைகளிடம் ஒரு பழைய உத்தி உண்டு. கூட்டலில் வரும் வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 360ஐ 630 என்று எழுதினால் வித்தியாசம் 270. இந்தத் தவறைக் கைதான் செய்யும். கேமரா இலக்கங்களை இடம் மாற்றுவது அபூர்வம். அது ஆறை எட்டாகப் பார்க்கும், புள்ளியைத் தூசி என்று தள்ளும். ஆனாலும் ஒன்பது இங்கேயும் உதவுகிறது. புள்ளி ஓரிடம் போனால் எண் பத்து மடங்காகிறது, ஆக வித்தியாசம் அசல் எண்ணின் ஒன்பது மடங்கு. இந்த லிஸ்டில் கிராஸ் கூட்டல் 795.9 வந்தது, தாளில் 263.1. வித்தியாசம் 532.8, அதை ஒன்பதால் வகுத்தால் 59.2. எந்த வரி என்று தேட வேண்டிய வேலையே இல்லை. பீஸ் பத்தியில் வித்தியாசம் 20, ஒன்பதால் வகுபடவில்லை. பத்தாம் இடத்தில் ஓர் இலக்கம் இரண்டு கூடியிருக்கிறது என்று பொருள், ஆறு எட்டானதா என்று முதலில் பார்க்கலாம்.

கீழே கூட்டினால் மட்டும் போதுமா? போதாது. ஒரு வரியில் 480 என்பது 460 ஆகி, இன்னொரு வரியில் 360 என்பது 380 ஆனால் மொத்தம் அதே 1354தான். குறுக்குப் பெருக்கல் இல்லாவிட்டால் இது சத்தமில்லாமல் இன்வாய்ஸ் வரை போய்விடும். மறுபுறம், எல்லா வரியும் சரியாக இருந்து மொத்தம் மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அடிவரியே தவறாகப் படிக்கப்பட்டதா என்று படத்தைப் பார்க்க வேண்டும். படத்திலும் அப்படியே இருந்தால் தவறு பேக்கிங் செக்‌ஷனுடையது. அப்போது எண்ணைத் திருத்தக் கூடாது, போன் போட்டுப் பெட்டியை எண்ணச் சொல்ல வேண்டும். இதனால்தான் தாளில் எழுதிய மொத்தமும் கணக்கிட்ட மொத்தமும் தனித்தனியாக நிற்க வேண்டும். இந்தச் செயலியோ, தாளின் "மொத்தம்" வரியை இன்னொரு சரக்கு என்று எண்ணி மேலே சேர்த்துவிடுகிறது. கீழே கூட்டினால் 1354க்குப் பதில் 2708. இரட்டிப்பாக வருவதால் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது என்பதுதான் ஆறுதல்.

எடையில் சிறு வித்தியாசத்தை மன்னிக்கலாம். ஒவ்வொரு வரியும் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கப்பட்டிருந்தால் வரிக்கு 0.05 கிலோ வரை பிசகலாம், நாலு வரிக்கு 0.2 கிலோ. அதற்கு மேல் போனால் காரணம் கேட்க வேண்டும். எடைக்கு இத்தனை பாடு எதற்கு என்றால், 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று சோலாஸ் உடன்படிக்கை சொல்கிறது. நிரப்பிய கன்டெய்னரை எடை போடலாம், அல்லது சரக்கின் எடைகளைக் கூட்டிக் கன்டெய்னரின் சொந்த எடையைச் சேர்க்கலாம். இரண்டாவது வழியில் போகிறவருக்கு அரை டன் தவறு சின்ன விஷயம் இல்லை.

படம் எடுப்பதில் கொஞ்சம் அக்கறை காட்டினால் பாதித் தவறு குறைகிறது. மடிப்பு விழுந்த இடத்தில்தான் புள்ளிகள் காணாமல் போகின்றன. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசல் அப்படியே வரும். கார்பன் நகலைப் படிக்க வைப்பது வீண் முயற்சி.

சரக்கின் பெயரை முதல் வரியில் மட்டும் எழுதி, கீழே மேற்படிக் குறி போட்டிருந்தால் செயலி அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுகிறது. அட்டவணையைப் பெட்டி எண் தவிர வேறு எதன்படி வரிசைப்படுத்தினாலும் எது எந்தச் சரக்கு என்று தெரியாமல் போகும். வரிசைப்படுத்தும் முன்பே பெயரை எல்லா வரியிலும் நிரப்பிவிட வேண்டும்.

ஒரே மாதிரிப் பெட்டிகள் நிறைய இருக்கும் அச்சிட்ட லிஸ்டுக்குச் சந்தா கட்டலாம், தட்டச்சு நிச்சயம் மிச்சம். ஆனால் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று அளவு வாரியாகப் பீஸைப் பிரித்து எழுதும் லிஸ்ட் வந்தால் கதை வேறு. ஓர் அளவில் பீஸ் இல்லாமல் கட்டம் காலியாக இருந்தால், வலப்பக்க எண்ணை இழுத்து அங்கே வைத்துவிடுகிறது. எக்ஸ்எல் எல் ஆகிறது, பீஸ் மொத்தமும் எடையும் மாறுவதில்லை, மேலே சொன்ன சூத்திரங்களில் எதுவும் இதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அளவு வாரியாகக் கீழே கூட்டி ஆர்டர் ஷீட்டோடு ஒப்பிட்டால் மட்டுமே இது பிடிபடும். அந்த வகை லிஸ்டுகளை அந்த ஆபீசில் இப்போதும் கையால்தான் அடிக்கிறார்கள்.