'இன்ஷா அல்லாஹ்': எதிர்காலக் கூற்றும் தமிழாக்கமும்

இசுலாமியத் தமிழர்தம் திருமண அழைப்பிதழ்களில் மணநாளைக் குறிக்கும் வரியில் 'இன்ஷா அல்லாஹ்' என்னும் அரபுத் தொடர் அச்சிடப்பெறுவது வழக்கம். மண்டபம் பேசி முடித்தாயிற்று. நாளும் நேரமும் குறித்தாயிற்று. அங்கு ஐயத்திற்கு இடமில்லை. பெங்களூர்ச் சிவாஜிநகர்ப் பகுதித் தையற்கடையில் துணி என்று கிடைக்கும் எனக் கேட்பவருக்கும் இதே தொடர் விடையாக வருவதுண்டு. அங்கே கேட்டவர் ஐயத்துடனேயே திரும்ப நேரலாம். இவ்விரு இடங்களையும் 'இறைவன் நாடினால்' என்னும் ஒரே தமிழால் பெயர்ப்பது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

வடிவ நிலையில் இப்பெயர்ப்பு மிகப் பொருத்தமானது. அரபியில் 'இன்' நிபந்தனை இடைச்சொல். 'ஷாஅ' என்பது 'நாடினான்' என்னும் இறந்தகால வினை. நிபந்தனையில் அது இறந்தகாலப் பொருளை இழந்துவிடும். தமிழின் 'நாடினால்' என்பதும் இறந்தகால அடியின்மேல் அமைந்து காலப்பொருள் இழந்து நிற்பதே. இடர் பயன்பாட்டில்தான் தோன்றுகிறது. 'மழை பெய்தால் வருவேன்' என்பதைக் கேட்பவர், பெய்யாவிடின் வாரார் என்றும் உணர்வர். 'இறைவன் நாடினால் வருவேன்' என்னுமிடத்தும் அவ்வெதிர்மறை உடன் எழுகிறது. உறுதி கூறியவர் தயங்கியவராகத் தோன்றுகிறார். அரபித் தொடரிலும் ஐயக்கூறு உண்டு. ஆனால் அது இறைநாட்டத்தைச் சார்ந்தது. கூறுவோனின் எண்ணத்தைச் சார்ந்ததன்று.

இவ்வேறுபாட்டைத் திருக்குர்ஆனிலேயே காணலாம். நாளை ஒன்றைச் செய்வேன் எனத் தனித்துக் கூறலாகாது, இறைநாட்டத்தைச் சேர்த்தே கூறவேண்டும் என்னும் ஏவல் 18ஆம் அத்தியாயத்தின் 23, 24ஆம் வசனங்களில் உள்ளது. அதே அத்தியாயத்தின் 69ஆம் வசனத்தில் மூசா நபி, தம்மை வழிநடத்தும் ஞானியிடம், தம்மைப் பொறுமையுள்ளவராகக் காண்பீர் என இத்தொடரை இடையிட்டுக் கூறுகிறார். 37ஆம் அத்தியாயத்தின் 102ஆம் வசனத்தில், பலியாக இசையும் இபுறாகீம் நபியின் மகனும் ஏறக்குறைய அதே சொற்களால் தந்தைக்கு மொழிகிறார். மகன் சொற்காத்தார், மூசா நபியோ மரக்கலம், சிறுவன், சுவர் என மூன்றிடத்தும் பொறுக்கமாட்டாது வாய்திறந்தார். இரு கூற்றிலும் வினை, எதிர்காலத்தை உணர்த்தும் 'ஸ' என்னும் முன்னொட்டுடன் தயக்கமின்றியே வருகிறது. எனவே 'காண்பீர்' என்னும் வினைமுற்றின் உறுதி தமிழிலும் குன்றலாகாது. சூளுரையோடு இத்தொடரைச் சேர்த்துக் கூறியவர் அதனை நிறைவேற்றாவிடினும் சூள் முறித்தவராகார் என்பது இசுலாமியச் சட்ட மரபு. உறுதியும் விடுவிப்பும் ஒரே தொடரில் உறைகின்றன என்பது இதனாற் பெறப்படும்.

தமிழ் வழக்கில் உறுதி வினைமுற்றிலேயே புலப்படும். தெளிவு, விரைவு முதலிய காரணங்களால் காலம் மயங்கும் என நன்னூல் அமைதி கூறுவதும், இனி வரவிருப்பவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பதும் நோக்கத்தக்கன. ஆகவே அரபுத் தொடரை அப்படியே நிறுத்தி, பொருட்சாயலை வினையில் ஏற்றுவதே தக்கது என்பது என் கருத்து. 'வெள்ளிக்கிழமை தந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்' என்பது வாக்கு. நாளும் உண்டு, 'விடு' என்னும் துணைவினையும் உண்டு. 'இன்ஷா அல்லாஹ், பார்க்கலாம்' என்பது நழுவல். நாளுமில்லை, தன்மை வினைமுற்றுமில்லை. மூலத்தில் ஐயம் நேரின், கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும். நன்றி கூறினாரா, 'எந்த நாள்?' என மீண்டும் வினவினாரா என்பதே சான்றாகும்.

மாற்றுத் தொடர்கள் அத்துணைப் பயன்படா. 'ஆண்டவருக்குச் சித்தமானால்' என்பது கிறித்தவத் தமிழின் மணமுடையது. 'கடவுள் விட்ட வழி' என்பதில் கையறவு மேலோங்கும். தொடரை நிறுத்திப் பிறைக்குறிக்குள் பொருள் தருவதும் உரையாடலின் ஓட்டத்தைக் கெடுக்கும். பானு முஷ்தாக்கின் கன்னடச் சிறுகதைகளை ஆங்கிலமாக்கி 2025இல் பன்னாட்டுப் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட தீபா பஸ்தி, கன்னட, உருது, அரபுச் சொற்களுக்குச் சாய்வெழுத்தும் அடிக்குறிப்பும் இடவில்லை. இத்தொடரைத் தலைமுறைகளாகக் கேட்டுவரும் தமிழுக்குப் பிறைக்குறி இன்னும் மிகையானது.

கன்னடத்திலிருந்து தமிழாக்குவோர்க்கு வேறொரு நுட்பமும் உண்டு. மேற்படிப்பு வேண்டும் மகளிடம் தந்தை, 'இன்ஷா அல்லாஹ், அடுத்த ஆண்டு சேர்க்கலாம்' என்பதாகக் கொள்வோம். கன்னட மூலத்தில் 'சேரிசோண' என்றிருக்கும். அவ்வீறு 'செய்வோம்' என்னும் உடன்பாடும் ஆகும்; 'பார்க்கலாம்' என்னும் ஒத்திப்போடலும் ஆகும். 'சேர்ப்பேன்' என்று பெயர்த்தால் தந்தை நல்லவராகிவிடுவார். அப்பெண் தலைகுனிந்து அகல்வதற்குக் காரணம் விளங்காது. 'சேர்க்கலாம்' என நிறுத்தினால்தான், மீண்டும் வற்புறுத்துவது இறைநாட்டத்தையே வினவுவதாகிவிடுமென அவள் வாய்மூடுவது புலப்படும்.