முந்திரிப் பருப்பும் முப்பதாம் நம்பர் நூலும்

"கவுண்ட் என்பது ஒரு பவுண்டு எடையில் அடங்கும் 840 கெஜச் சிட்டங்களின் எண்ணிக்கை." நெசவுத் தொழில்நுட்பத்தைத் தமிழில் சொல்லும் எந்தப் பாடத்திலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கும். பிழையில்லாத வாக்கியம்தான். ஆனால் பனியன் கம்பெனியில் முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இதனால் எதுவும் கிடைக்காது. பவுண்டு, கெஜம், சிட்டம் மூன்றும் அவர் புழங்காத அளவைகள். அவருக்கு உண்மையிலேயே இருக்கும் சந்தேகம் வேறு: முப்பதாம் நம்பர் நூலைவிட நாற்பதாம் நம்பர் ஏன் சன்னமாக இருக்கிறது? நம்பர் ஏறினால் கனமும் ஏற வேண்டாமா?

இதற்குப் பதில் சொல்ல உவமை வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எந்த மாதிரி உவமை என்பதில்தான் நம் அறிவியல் தமிழ் தடுமாறுகிறது. தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: தொழில், பயன், வடிவம், நிறம். கவிதைக்கு நான்கும் ஆகும். தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்க முதலாவது மட்டும்தான் உருப்படியாகப் பயன்படும் என்பது என் கட்சி. 'நூல் தலைமுடி போல மெல்லியது' என்பது வடிவ உவமை. கேட்டதும் ஒரு படம் வரும், அத்தோடு முடிந்தது. அதை வைத்து அடுத்த கேள்விக்கு நகர முடியாது. உவமைக்குள் ஒரு கணக்கு ஓட வேண்டும். இந்தப் பக்கம் ஒன்றைக் கூட்டினால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று கேட்க இடம் இருக்க வேண்டும்.

திருப்பூர்ச் சாலை தெற்கே வந்து கோவை–திருச்சி நெடுஞ்சாலையைத் தொடும் இடம் அவிநாசிபாளையம். அங்கே ஒரு சிறிய கட்டிங் யூனிட்டில் மாஸ்டர் ஒருவர் புதிதாக வந்த பையனுக்குச் சொன்ன விளக்கம், நான் அச்சில் பார்த்த எதையும்விட நன்றாக இருந்தது.

"ஏனுங்க மாஸ்டர், நம்பர் ஏறுனா நூலு தடிக்கோணுமல்லங்?"

"முந்திரிப் பருப்பு வாங்கிருக்கியா? 240 ரகம், 320 ரகம்னு சொல்லுவாங்க. எது பெருசு?"

"240 தானுங்களே பெருசு."

"ஏன்னு சொல்லு. ஒரு பவுண்டுக்கு அது 240 பருப்புத்தான் நிக்கும். இது 320 நிக்கும். எடை ஒண்ணு, எண்ணிக்கை ஜாஸ்தின்னா பருப்பு சின்னதாத்தான இருக்கோணும்? நூலும் அதே கணக்குத்தான்."

இதில் ரசிக்க வேண்டியது, முந்திரிக்கும் நூலுக்கும் தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை என்பது. ஆனால் அளக்கும் தொழில் அச்சு அசல் ஒன்று: குறிப்பிட்ட எடைக்கு எத்தனை என்று எண்ணுவது. அந்த எடைகூட இரண்டிலும் பவுண்டுதான். முந்திரியில் பருப்பை எண்ணுகிறார்கள், நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்களை எண்ணுகிறார்கள். முப்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 30 சிட்டம், அதாவது 25,200 கெஜம். மீட்டரில் சொன்னால் சுமார் 23 கிலோமீட்டர் நூல். இதையே திருப்பிப் போட்டால் ஒரு கிலோமீட்டர் முப்பதாம் நம்பர் நூலின் எடை 19.7 கிராம். இந்த ஒரு எண்ணை நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் வேண்டியிருக்கும். முதலில் படித்த வாக்கியத்தை இப்போது திரும்பப் படித்தால் அது தானாகவே புரியும். உவமை முன்னால், வரையறை பின்னால். நம் பாடப்புத்தகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கின்றன.

ஆனால் எந்த உவமையும் ஓர் இடத்தில் அறுந்துபோகும். முந்திரி உவமையை நம்பிப் போகிறவர், அறுபதாம் நம்பர் நூல் முப்பதாம் நம்பரில் பாதித் தடிமன் என்று முடிவு கட்டுவார். அது தவறு. பாதியாவது ஒரு மீட்டரின் எடை, தடிமன் அல்ல. இதற்கு முந்திரி உதவாது, இடியாப்ப உரலுக்குப் போக வேண்டும். அச்சின் துளை 2 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதே மாவை 1 மில்லிமீட்டர் துளையில் பிழிந்தால் இழையின் நீளம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகும். ஏனென்றால் துளை அகலத்திலும் பாதி, உயரத்திலும் பாதி. நீளம் சரியாக இரண்டு மடங்காக வேண்டுமென்றால் துளை சுமார் 1.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அறுபதாம் நம்பர் நூலும் அப்படித்தான்: முப்பதாம் நம்பரின் தடிமனில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு.

சுஜாதாவை இந்த இடத்தில் பேசாமல் போக முடியாது. 'ஏன்? எதற்கு? எப்படி?' படித்து வளர்ந்த தலைமுறை நாங்கள். கலைச்சொல்லைக் கண்டால் பயந்து ஓடவும் கூடாது, அதன் முன் மண்டியிடவும் கூடாது என்று தமிழ் உரைநடைக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் கேள்வி–பதில் பத்திக்கு உள்ள இடம் சிறியது. உவமை வந்து, வாசகன் புன்னகைத்ததும் பத்தி முடிந்துவிடும். அந்த உவமை எங்கே அறுகிறது என்று சொல்ல இடம் மிஞ்சாது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருடைய புன்னகையை எடுத்துக்கொண்டு, அவருக்குள் இருந்த பொறியாளரை விட்டுவிட்டார்கள். இன்று தமிழில் எளிய அறிவியல் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி உவமைகளின் அணிவகுப்பு. ஒரு கணக்கைக்கூட முழுதாகப் போட்டுக் காட்டுவதில்லை.

முழுதாகப் போட்ட கணக்கு என்ன செய்யும் என்பதற்கு ஜிஎஸ்எம்மையே எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜிஎஸ்எம். இதைத் துணியின் 'கனம்' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கனம் என்றதும் பையன் துணியை விரலிடுக்கில் வைத்துத் தடவிப் பார்க்கிறான். தடிமனும் எடையும் அங்கேயே குழம்பிவிடுகின்றன. ஒரே துணியைத் தேய்த்து மயிர் எழுப்பினால் தடிமன் ஏறும், எடை ஏறாது. கொஞ்சம் இழை உதிர்ந்து குறையக்கூடச் செய்யும்.

உவமையே இல்லாமல் சொல்லிப் பார்க்கலாம். முப்பதாம் நம்பர் நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சித் துணி ஒரு துண்டு. பூதக்கண்ணாடி வைத்து ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கண்ணிகளை எண்ணினால் 14. ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் 19. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 266 கண்ணிகள். துணியைப் பிரித்து நூலை நீட்டி அளந்ததில் ஒரு கண்ணிக்கு 2.8 மில்லிமீட்டர் நூல் போயிருக்கிறது. நிட்டிங்காரர்கள் லூப் லென்த் என்பது இதைத்தான். 266-ஐ 2.8-ஆல் பெருக்கினால் 745 மில்லிமீட்டர். விரல் நகம் அளவுத் துணிக்குள் முக்கால் மீட்டர் நூல்!

இப்போது ரவுண்ட் கட்டர் வருகிறது. அது வெட்டும் வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். எனவே அந்த வட்டத்துக்குள் 74.5 மீட்டர் நூல் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் 19.7 கிராம் என்று பார்த்தோமே, அந்தக் கணக்கில் வட்டத்தின் எடை 1.47 கிராம். ஒரு சதுர மீட்டரில் இப்படி நூறு வட்டத்தின் பரப்பு அடங்கும். ஆகவே 147 ஜிஎஸ்எம். தராசில் வட்டத்தை வைத்து நூறால் பெருக்கு என்று மட்டும் பழகியவனுக்கு, அந்த நூறு எங்கிருந்து வந்தது என்பது இப்போதுதான் தெரியும்.

ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு மெழுகுவத்தியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆறு சொற்பொழிவுகள். எரிவது திட மெழுகல்ல, அதன் ஆவி என்று அதில் சொல்ல வேண்டும். அவர் சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். 'எதைப் போல' என்று அவர் தேடவில்லை. எதிரே இருந்த பொருளையே பிரித்துக் காட்டினார். துணியைப் பிரித்து நூலை அளப்பதும் அந்த வகை விளக்கம்தான்.

கணக்கின் பலன் அடுத்த கேள்வியில் தெரியும். பருத்தித் துணி துவைத்தால் சுருங்குகிறது, 'நூல் சுருங்கிவிட்டது' என்கிறார்கள். நூலின் நீளம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது. சாயம், காயவைத்தல், கம்பாக்டிங் என்று போகும் வழியில் இழுபட்ட கண்ணி, தண்ணீர் பட்டதும் தன் பழைய உருவத்துக்குத் திரும்புகிறது. நீளத்தில் 5 சதவீதம், அகலத்தில் 5 சதவீதம் சுருங்கினால் பரப்பு 100-லிருந்து 90.25 ஆகும். அதே நூல் குறைந்த பரப்பில் அடங்குவதால் 147 என்பது 163 ஜிஎஸ்எம் ஆகிவிடும்.

துணியைக் கிலோவில் வாங்கிச் சட்டையை எண்ணிக்கையில் விற்கும் ஊரில் இது கணக்குப் பாடம் மட்டுமல்ல. சேதாரம் சேர்த்து ஒரு சட்டைக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 147-இல் 100 கிலோவுக்கு 680 சட்டை வரும். 163-இல் 613-தான். 67 சட்டை போய்விட்டது. இந்த 67-ஐக் காப்பாற்றத்தான் துணியை இழுத்துப் பிடித்து 147 காட்டச் சொல்கிறார்கள். கட்டர் 1.47 காட்டும், பையர் ஒப்புக்கொள்வார், வாங்கியவர் வீட்டில் சட்டை இரண்டாம் துவைப்பில் தொப்புளுக்கு ஏறும். நேர்வழி வேறு: துவைத்து அடங்கிய பிறகு எத்தனை ஜிஎஸ்எம் வேண்டுமோ அதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ற லூப் லென்த்தை நிட்டிங்கிலேயே வைப்பது. தராசு மட்டும் தெரிந்தவர் இந்தப் பேச்சில் வாய் திறக்க முடியாது. கண்ணிக் கணக்கு தெரிந்தவர், "மொதல்ல ஒரு துண்டைத் துவைச்சுட்டு வெட்டுங்க" என்பார். ஜாப் ஒர்க் எடுக்கும் சிறிய ஆட்களுக்குக் கலைச்சொல் மட்டும் போய்ச் சேர்ந்து, கணக்கு போகாமல் நின்றுவிடுவதால் யாருக்கு லாபம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உவமையை ஒவ்வொரு உறுப்பாகப் பொருத்திக் காட்டும் மரபு நமக்குப் புதிதல்ல. சீனாபுரத்துக்காரர் என்று கொங்குநாட்டில் உரிமை கொண்டாடப்படும் பவணந்தி முனிவர், நன்னூல் பாயிரத்தில் நூல் எழுதுவதை நூல் நூற்பதாகவே சொல்கிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், வாய் கை, அறிவு கதிர். ஐந்து இணைகளும் ஒரே தொழிலின் பாகங்கள், ஒன்றை எடுத்தால் மற்றது நிற்காது. இதோடு ஒப்பிட்டால் 'கணினியின் மூளை', 'துணியின் உயிர்நாடி' போன்றவை வெறும் ஒட்டுத் துண்டுகள்.

கணக்குக்கும் எல்லை உண்டு, அதையும் பையனிடம் சொல்லியாக வேண்டும். நாம் போட்ட கணக்கில் 1.47 வந்தது, தராசு 1.52 காட்டுகிறது என்று வையுங்கள். மழைக்காலமாக இருக்கலாம். நூறு கிராம் உலர்ந்த பருத்திக்கு எட்டரை கிராம் ஈரம் என்பதை நூல் வியாபாரத்திலேயே கணக்கில் சேர்க்கிறார்கள், ஈரக்காற்றில் அதற்கு மேலும் ஏறும். முப்பதாம் நம்பர் என்று வந்த கோன் உண்மையில் இருபத்தொன்பதாக இருக்கலாம். கட்டர் பிளேடு மழுங்கி ஓரம் பிசிறடித்திருக்கலாம். அல்லது துணியின் கரையோரத்தில் வெட்டியிருக்கலாம், அங்கே கண்ணி நடுவில் இருப்பதுபோல் இருக்காது. அவிநாசிபாளையத்து மாஸ்டர் ஒரே இடத்தில் வெட்ட விடுவதில்லை. ரோலின் அகலத்தில் தள்ளித்தள்ளி ஐந்து வட்டம் வெட்டச் சொல்கிறார். ஐந்தும் ஒரேயடியாக ஏறியிருந்தால் ஈரமா, கவுண்ட்டா, லூப் லென்த்தா என்று பார்க்கிறார். ஒன்று மட்டும் துருத்தினால் பிளேடைத் திருப்பிப் பார்க்கிறார்.