எதிர் மேசையிலிருந்து ஒரு சீட்டு

அரசு அலுவலகத்தில் புதிதாகச் சேரும் இளநிலை உதவியாளர் முதல் நாள் காலையில் பார்க்கும் தாள்களில் மனிதக் குரல் இருப்பதில்லை. நியமன ஆணை 'ஆணையிடப்படுகிறது' என்று முடியும். அவர் எழுதித் தரும் பணியேற்பு அறிக்கையோ 'முற்பகல் பணியில் சேர்ந்தேன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்று முடியும். இவற்றுக்கு நடுவே அவருடைய மேசையில் யாரோ ஒருவர் கைப்பட எழுதி வைத்த அரைத்தாள் சீட்டு இருந்தால், அதை ஒரு கலைப்பொருளாகவே நான் பார்ப்பேன். அப்படி நான் ரசித்த சீட்டு ஒன்று, மாவட்ட அலுவலகம் ஒன்றில் 'ஆ2' இருக்கைக்கு வந்த இளம்பெண்ணுக்காக எழுதப்பட்டது. அவர் அனுமதியோடுதான் படித்தேன்.

'வாங்க. மேசையின் மேல் இழுப்பறையைக் காலிசெய்து துடைத்து வைத்திருக்கிறேன். கீழ் இழுப்பறைச் சாவி கண்காணிப்பாளர் ஐயாவிடம் இருக்கிறது. பெண்கள் கழிப்பறைச் சாவி என் மேசைப் பக்கத்து ஆணியில் தொங்கும், கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மணிக்கு நாங்கள் மூன்று பேர் பதிவறையை ஒட்டிய அறையில் சாப்பிடுவோம். டிபன் பாக்ஸ் கொண்டுவராவிட்டாலும் வாருங்கள். இன்றைக்கு எந்தக் கோப்பும் புரிய வேண்டியதில்லை.' கீழே பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'எதிர் மேசை, ஆ3'.

கழிப்பறைச் சாவி வரியைப் பாருங்கள். புதிதாக வந்த பெண் யாரிடமும் கேட்கத் தயங்கும் கேள்வி அது. மதியம்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. எழுதியவர் அந்தத் தயக்கத்தை முன்கூட்டியே ஊகித்திருக்கிறார். 'கேட்காமல்' என்று சேர்த்ததில்தான் அவருடைய கை தெரிகிறது. சாவி இருக்குமிடத்தை மட்டும் சொல்லியிருந்தால் வந்தவர் ஒவ்வொரு முறையும் எதிர் மேசையைப் பார்த்து அனுமதி கேட்டிருப்பார்.

கடைசி வரியும் விஷயம் தெரிந்தவர் எழுதியது. தேர்வாணையக் கலந்தாய்வில் கிடைத்த இடத்தை எடுத்துக்கொண்டு வேறு மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் பலர். கோப்பு நடத்தும் முறையை ஒழுங்காகச் சொல்லித்தருவது பவானிசாகர் அடிப்படைப் பயிற்சி. வேலையில் சேர்ந்த பிறகுதான் அதற்கு அனுப்புவார்கள். ஆகவே முதல் நாள் தன்பதிவேட்டைத் திறந்து விழிப்பது யாருக்கும் நேர்வதுதான். 'கவலைப்படாதீர்கள்' என்று எழுதினால் கவலைப்பட ஏதோ இருக்கிறது என்று தோன்றும். 'புரிய வேண்டியதில்லை' என்றால் ஒரு சுமை இறங்கிவிடுகிறது.

சீட்டை வைத்த விதமும் நேர்த்தி. தமிழக அரசு அலுவலகம் 10 மணிக்குத் தொடங்குகிறது. பணியேற்கும் பதற்றத்தில் இருப்பவர் அதற்கு முன்பே வந்துவிடுவார். அதனால் முந்தைய நாள் மாலையே எழுதி, ஒரே மடிப்பாக மடித்து, பேப்பர் வெயிட்டுக்குக் கீழே வைத்திருந்தார். மடிக்காமல் விட்டால் வருகிறவர் போகிறவரெல்லாம் படிப்பார்கள். பாரம் வைக்காவிட்டால் மின்விசிறி போட்டதும் பறந்துவிடும். வந்தவரின் பெயரும் முன்னெழுத்தும் ஆணை நகலைப் பார்த்து எழுதியவை, பிழை இல்லை. முதல் நாளே பெயரைத் தப்பாக எழுதிய சீட்டு எவ்வளவு அன்பாக இருந்தாலும் பாதி வீண்.

இந்தக் கலையைக் கெடுப்பவை எவை என்றும் பார்த்திருக்கிறேன். பிரிவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட்ட வாழ்த்து அட்டையில் யாரிடம் போய்ப் பேசுவது என்று தெரிவதில்லை. திருக்குறளோடு தொடங்கும் சீட்டு, மேடை வரவேற்புரையாகிவிடுகிறது. எல்லாவற்றிலும் மோசமானது, 'இன்னாரிடம் ஜாக்கிரதை' என்று எழுதுவது. எழுதியவர் அதை உதவி என்று நம்பலாம். ஆனால் வந்தவர் ஒருவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவரைப் பற்றிய தீர்ப்பைக் கையில் வாங்கிவிடுகிறார். அந்தத் தாள் யார் கையிலாவது கிடைத்தால் இருவருக்கும் சங்கடம். ஆ3 எழுதிய சீட்டில் ஆட்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இழுப்பறை, சாவி, சாப்பாட்டு அறை, நேரம், அவ்வளவுதான். நின்றபடியே படித்து முடித்துவிடலாம்.

ஒரு மணிக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டில் அழைப்பு இருந்தும் அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. ஆ3 தானே எழுந்துபோய், 'வாம்மா, சாப்பிடலாம்' என்று கூட்டிப்போனார். தாளில் எழுதியதை ஆள் போய் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் சீட்டு பொய்யாகிவிடும்.

உங்கள் பிரிவுக்குப் புதியவர் வருகிறார் என்ற ஆணை நகல் தபாலில் வந்தால், அன்று மாலை வீட்டுக்குக் கிளம்புமுன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சாவி எங்கே தொங்குகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.