சொற்பட்டியலும் சொற்றொடரும்: ஒரு கணிதப் பயிற்சித்தாளை முன்வைத்துச் சில குறிப்புகள்

கலைச்சொற்களைப் பற்றி நம்மிடையே நடைபெற்றுள்ள விவாதங்கள் பெரும்பாலும் அகராதிகளையும் பாடநூல்களையும் பற்றியனவாகவே இருந்துள்ளன. அச்சொற்கள் ஒரு குழந்தையின் மேசையை எவ்வடிவிற் சென்றடைகின்றன என்பது அதிகம் நோக்கப்படவில்லை. கொழும்பிலுள்ள ஆங்கில மொழிமூலத் தனியார் பாடசாலையொன்றில் ஏழாந் தரத்திற் பயிலும் என் தமக்கையின் மகள் அண்மையில் ஒரு கணிதப் பயிற்சித்தாளைக் கொண்டுவந்தாள். பாடசாலையின் பெயர் இங்கு அவசியமன்று. தாளின் முன்புறத்திற் பின்னங்களும் சதவீதங்களும் பற்றிய பன்னிரண்டு வினாக்கள். பின்புறத்தில், வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கென இரு நிரல்களாக முப்பத்திரண்டு சொற்கள்: இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் தமிழ். தாய்மொழியை ஆங்கில வகுப்பறையின் வாயிலுக்குள் அனுமதித்த அந்த ஆசிரியரின் நோக்கம் பாராட்டத்தக்கது. எனினும் நோக்கம் வேறு, பனுவல் வேறு. இப்பட்டியலை ஒரு பனுவலாகவே கொண்டு, அது யாருக்காக எழுதப்பட்டது, யாருடைய தமிழில் எழுதப்பட்டது, எதனைச் சொல்லாது விட்டது என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குதல் தகும். அறிவியலைத் தமிழிற் சொல்லும் முயற்சி இந்நாட்டிற் பழமையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு அவற்றுக்கான சொற்றொகுதிகளையும் ஆக்கினார். ஆயினும் அறிவியற்றமிழ் பெருந்தொகையான மாணவரைச் சென்றடைந்தது சுயமொழிக் கல்வியின் பின்னரேயாகும். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் துணையுடன் கிராமத்துப் பிள்ளைகள் கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் தமிழிலேயே கற்று மேலே சென்றனர். அச்சொற்கள் அறிஞர் குழுக்களால் ஆக்கப்பட்டவை. அவற்றுட் பல வடமொழிச் சாயல் மிக்கவை. பேச்சுவழக்கிலிருந்து தொலைவில் நின்றவை. இருந்தும் அரைநூற்றாண்டுக்கு மேலாக வகுப்பறையிற் புழங்கியதனால் அவை மக்களின் உடைமையாயின. 2001இல் உயர்தர வகுப்பிலும், அதனையடுத்து ஆறாந் தரம் முதலாகவும் அரசாங்கப் பாடசாலைகள் சிலவற்றில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் இடம்பெற்றது. சர்வதேசப் பாடசாலைகள் எனப்படுவன அதற்கு முன்னரே தோன்றிவிட்டன. ஆகவே இன்று ஆங்கிலத்திற் கணிதங் கற்கும் தமிழ்ப் பிள்ளையின் பெற்றோர் பெரும்பாலும் தமிழிற் கணிதங் கற்றவர்கள். இப்பட்டியலை மதிப்பிடுவதற்கு இவ்வுண்மையே அடிப்படையாகும்.

என் தமக்கை யாழ்ப்பாணத்திற் சாதாரண தரம் வரை தமிழிற் கற்றவர். கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்றவர். பட்டியலின் வலப்புறத்தைப் படித்தபோது, "இது எங்கட கணக்கில்லை, தம்பி" என்றார். காரணம் வெளிப்படை. அவர் 'கேத்திரகணிதம்' எனக் கற்றது அங்கு 'வடிவியல்' என்றிருந்தது. 'முதன்மை எண்' எனக் கற்றது 'பகா எண்' ஆயிற்று. 'ஆரை' 'ஆரம்' ஆயிற்று. அவரது நாவிற் சூத்திரம் போற் பதிந்திருந்த 'பொ.ம.சி.', அதாவது பொது மடங்குகளுட் சிறியது, 'மீ.சி.ம.' என்று நின்றது. இவையனைத்தும் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் சொற்கள், தம்மளவிற் பிழையற்றவை. 'பகா எண்' என்பது 'முதன்மை எண்' என்பதைவிடப் பொருட்டெளிவு மிக்கது என்று கூடச் சொல்லலாம். சொல்லின் அழகு இங்குப் பிரச்சினையன்று. தாயின் மொழியில் விளக்கம் பெறுவதற்கென ஆக்கப்பட்ட பட்டியல், அத்தாயின் கணித மொழியை அறியாதிருக்கிறது. சிறுமி ஆங்கிலச் சொல்லைப் பார்க்கிறாள், அதற்கு நேரே அறியாத தமிழ்ச் சொல்லைப் பார்க்கிறாள், தாயிடம் கேட்கிறாள், தாயும் அறியாள். ஒன்றுக்கு இரண்டு அந்நியச் சொற்களே மிச்சம். மொழியைப் பேசும் மக்களையும் அவர்கள் கற்ற வரலாற்றையும் நீக்கிவிட்டு 'தமிழ்' என்ற பொதுப்பெயரைக் கொண்டால் விளைவது இதுவே.

ஆயினும் சொற்களை ஈழத்து வழக்கிற்கு மாற்றிவிட்டாற் குறை தீர்ந்துவிடும் என்று கொள்வதற்கில்லை. பட்டியலிலுள்ள முப்பத்திரண்டும் பெயர்ச்சொற்கள். பிள்ளைகள் இடறுவதோ பெரும்பாலும் பெயர்ச்சொற்களிலன்று. பயிற்சித்தாளின் எட்டாவது வினாவை எடுத்துக்கொள்வோம். 500 ரூபா விலையுள்ள ஒரு பையின் விலை 20 சதவீதத்தாற் குறைக்கப்படுகிறது. புதிய விலை யாது? விடை 400 ரூபா. சிறுமி எழுதிய விடை 100 ரூபா. அவளுக்குச் சதவீதம் தெரியாது என்று ஆசிரியர் முடிவு செய்திருந்தார். உண்மையில் 500இன் 20 சதவீதம் 100 என அவள் சரியாகவே கணித்திருந்தாள். ஆங்கில வினாவில் 'பை' என்னும் சிறு சொல் நின்றது. அவள் அதனை 'ரூ' என்பதாகக் கொண்டாள். முன்னையது வந்தால் 100 ரூபா குறைகிறது. பின்னையது வந்தால் விலையே 100 ரூபாவாகிறது. தமிழில் இவ்வேறுபாடு ஐயத்திற்கிடமின்றி வேற்றுமையுருபில் அமைந்துள்ளது: '20 சதவீதத்தால்', '20 சதவீதத்துக்கு'. தாய் இவ்விரண்டையும் சொல்லிக்காட்டியதும் மகள் தானாகவே விடையைத் திருத்தினாள். அவளுக்குத் தேவைப்பட்ட தமிழ் 'ஆல்', 'கு' என்னும் ஈருருபுகளே. அவை பட்டியலில் இல்லை. 'சதவீதம்' என்ற சொல் இருந்தது. அதனை அவள் முன்னரே அறிந்திருந்தாள்.

பின்னங்களின் நிலை இன்னும் சிக்கலானது. 3/8 என்பதை ஆங்கிலம் மேலிருந்து கீழாகச் சொல்கிறது: முதலில் மூன்று, பின்னர் எட்டு. தமிழோ 'எட்டில் மூன்று' என முழுமையை முதலிலும் எடுத்த பங்கைப் பின்னரும் சொல்கிறது. பொருளை நோக்கின் தமிழ்த் தொடரே தெளிவானது. எட்டாகப் பகுத்து அதில் மூன்றை எடுத்தல் என்னும் செயலே அங்குச் சொல்லாகியுள்ளது. ஆனால் தாய் 'எட்டில் மூன்று' என்று சொல்ல, கேட்ட ஒழுங்கில் எழுதும் பிள்ளை 8/3 என்று எழுதிவிடலாம். மறுபுறத்தில், ஆங்கிலத்தில் மூன்றாவது என்பதற்கும் மூன்றில் ஒன்று என்பதற்கும் 'தேர்ட்' என்ற ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் அவை இருவேறு அமைப்புகள். இச்சிறுமி பன்னிரண்டின் மூன்றிலொன்றைக் கேட்ட வினாவை 'பன்னிரண்டில் மூன்றாவது' என விளங்கி, ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி, 3 என்று விடை எழுதியிருந்தாள். சரியான விடை 4. பட்டியலில் 'பின்னம்', 'தொகுதி', 'பகுதி' என்னும் மூன்றும் இருந்தன. அம்மூன்றையும் மனப்பாடஞ் செய்தாலும் இவ்விரு பிழைகளுள் ஒன்றேனும் நீங்காது.

மொழியால் நேரும் பிழையையும் கணிதத்தால் நேரும் பிழையையும் வேறுபடுத்தி அறிவது கடினமன்று. அதே கணக்கைச் சொற்களின்றிக் குறியீட்டில் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். பிள்ளை சரியாகச் செய்தால் இடர் வினாவின் மொழியில் உள்ளது. எட்டுச் சம கூறுகள் கொண்ட ஒரு பட்டியை வரைந்து எட்டில் மூன்றை நிழற்றச் சொல்லலாம். மூன்று கூறுகளைச் சரியாக நிழற்றிவிட்டு 8/3 என எழுதினால், கருத்து உண்டு, எழுதும் ஒழுங்கே மாறியுள்ளது. படத்திலும் தவறினால் மட்டுமே பின்னத்தை மீளக் கற்பிக்க வேண்டும். இச்சோதனைகளுக்குச் சில நிமிடங்களே தேவை. இவற்றைச் செய்யாமற் பிழையனைத்தையும் 'கணக்கு வராது' என்ற ஒரே கணக்கில் எழுதுவதனால், மொழியின் சுமை பிள்ளையின் அறிவுக் குறைவாகத் தோற்றம் பெறுகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இச்சுமை இல்லை. வர்க்க வேறுபாடு புள்ளிகளின் வேறுபாடாக உருமாறும் இடங்களுள் இதுவும் ஒன்று.

அவ்வாறாயின் பெயர்ச்சொற்கள் பயனற்றவையா எனக் கேட்கலாம். அல்ல. சில சொற்கள் தம்முள்ளே விளக்கத்தைக் கொண்டவை. வட்டப் பரிதியின் ஒரு துண்டு 'வில்'. அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோடு 'நாண்'. இச்சொற்களைக் கேட்ட பிள்ளைக்குப் படம் வேண்டியதில்லை. 'விட்டம்' வீட்டின் கூரையைத் தாங்கிக் குறுக்கே கிடக்கும் மரமுமாகும். இவற்றுக்கு எதிரானவையும் உள. நமது புள்ளிவிபரவியலில் அதிக தடவை வரும் பெறுமானத்துக்கு 'ஆகாரம்' என்று பெயர். வீட்டிலோ அது உணவு. முன்னைய வகைச் சொல்லுக்கு எதிரே ஒரு சிறு படமும், பின்னைய வகைக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இரு நிரல்கள் கொண்ட பட்டியலில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. அதன் வடிவமே சொற்களனைத்தையும் ஒரே தன்மையனவாகக் காட்டிவிடுகிறது.

ஆகவே நான் முன்வைப்பது ஓர் எளிய திருத்தம். பட்டியல் பன்னிரண்டு சொற்களாகச் சுருங்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இலங்கைப் பாடநூலில் வழங்கும் தமிழ்ச் சொல் முதலில் வரட்டும். தமிழ்நாட்டு வழக்கு வேறாயின் அது அடுத்து வரட்டும். எஞ்சிய இடத்தில், அதே பயிற்சித்தாளின் வினாக்களிலிருந்து எடுத்த ஐந்து அல்லது ஆறு முழு வாக்கியங்கள் ஆங்கிலத்திலும், எதிரே தமிழிலும் அமையட்டும். உருபுகள் அடிக்கோடிடப்படட்டும். இதனை ஆக்கும்போது பிள்ளைகளின் தாய்மார் இருவரிடமேனும் வாசிக்கக் கொடுத்து, அவர்கள் எச்சொல்லில் தடுமாறுகின்றனர் என்று பார்த்தல் வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டணஞ் செலுத்திப் பயிலும் பிள்ளையின் தாளைத் திருத்துவதனால், தமிழ்மூலம் பயிலும் மலையகத்துப் பிள்ளைக்குக் கணித ஆசிரியர் கிடைத்துவிடப் போவதில்லை. கல்வி மொழியின் பிரச்சினை சமூக அமைப்பின் பிரச்சினையோடு பிணைந்தது. அதனைப் பட்டியல் தீர்க்காது. ஆனால் தமிழிற் கணிதங் கற்ற ஒரு தலைமுறையின் அறிவை அதன் பிள்ளைகளிடமிருந்தே துண்டித்துவிடாதிருத்தல் ஒரு தாளின் பின்புறத்திற் செய்யக்கூடியதே. அன்றிரவு என் தமக்கை வலப்புற நிரலிற் சில சொற்களைப் பேனாவால் வெட்டித் தாம் கற்ற சொற்களை அருகே எழுதினார். 'பொ.ம.சி.' என்று எழுதியதும் மகள் அதன் விரிவைக் கேட்டாள். தாய் விரித்துச் சொன்னார். 4, 6 என்னும் எண்களின் மடங்குகளை இருவருமாக அடுத்தடுத்து எழுதிச் சென்று 12இல் நின்றனர்.