முழங்கையில் ஒரு ஓட்டை

மனைவி விரும்பி அணிந்த கார்டிகன் கிழிந்திருக்கிறது. ஊசி பிடித்தே பழகாத கணவர், அவள் போன பிறகு அதைத் தைக்க உட்காருகிறார். சிறுகதைக்கு இந்தக் கரு வசமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைத்தொழில் தெரியாமல் எழுதினால் இரண்டாம் பக்கத்திலேயே அது வெறும் கண்ணீராகிவிடும்.

இழப்பைப் பற்றிய எழுத்தில் உடைகள் பெரும்பாலும் மாற்றப்படாமல் காக்கப்படுபவை. ஜோன் டிடியனின் 'தி இயர் ஆஃப் மேஜிக்கல் திங்கிங்' (2005) நூலில், இறந்த கணவரின் காலணிகளைக் கொடுத்துவிட அவரால் முடிவதில்லை. கணவர் திரும்பி வந்தால் காலணி வேண்டுமே என்று மனம் சொல்கிறது. பீட்டர் ஸ்டாலிபிராஸ் 1993இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மறைந்த நண்பர் ஆலன் வைட்டின் மேல்சட்டையை அணிந்தபடி மேடையில் பேசும்போது உடைந்துபோகிறார். முழங்கை மடிப்புகளிலும் வாடையிலும் நண்பர் அப்படியே இருந்தார். ஒருவர் உடையை வைத்திருக்கிறார், மற்றவர் அணிகிறார். இருவரும் அதை மாற்றவில்லை. தைப்பவரோ மாற்றியே ஆகவேண்டும்; மனைவியின் உடல் உண்டாக்கிய தேய்வின்மேல் தன் நூலை ஏற்றவேண்டும். நம் கதையின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

தைப்பதையே விரித்துச் சொன்ன காட்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சாவ் ஷ்வேசினின் 'சிவப்பு மாடத்தின் கனவு', 52ஆம் அத்தியாயம். நாயகன் பாவ்யூவின் மயிலிறகு மேலங்கியில் நெருப்புப்பொறி பட்டு ஓட்டை விழுகிறது. நோயில் கிடக்கும் பணிப்பெண் சிங்வென் இரவில் எழுந்து உட்காருகிறாள். உட்துணியைப் பிரித்து, பின்புறம் சின்ன மூங்கில் வளையம் பொருத்தி, ஓரத்தைக் கத்தியால் சுரண்டி இழையை நெகிழ்த்துகிறாள். முதலில் குறுக்கும் நெடுக்குமாக அடித்தளம் போட்டு, பிறகு பழைய நெசவைப் பின்பற்றி இழை ஓட்டுகிறாள். சில தையல் போட்டதும் தலையணையில் சாய்கிறாள், மறுபடி எழுகிறாள். விடியும் தறுவாயில் வேலை முடிகிறது. பின்னால் அவள் இறந்த பிறகு, அந்த அங்கியைக் கண்டாலே பாவ்யூ கலங்குகிறான். அவளைப் பற்றி ஆசிரியர் புகழ்ந்து எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. வேலையின் வரிசையே போதுமாக இருந்தது.

ஆனால் நம் கதையின் கார்டிகன் நெய்த துணி அல்ல, பின்னல். ஒரு இழை அறுந்தால் கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கீழே ஓடும். முழங்கையில் இரண்டு சென்டிமீட்டர் ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். அது தேய்ந்து விழுந்ததென்றால் சுற்றியும் கம்பளி மெலிந்து, வெளிச்சம் தெரியும். பூச்சி தின்றதென்றால் பக்கத்துப் பின்னல் தடிப்பாகவே இருக்கும், ஓட்டைகளும் கண்ட இடத்தில் விழுந்திருக்கும். மனைவி எப்போதும் மேசையில் கையை ஊன்றி உட்காருவாள் என்பதைக் கதாசிரியர் தனியாகச் சொல்லவேண்டாம். தேய்வைக் காட்டினால் போதும்.

காளான் வடிவ மரக்கட்டையை அடியில் வைத்து, மழுங்கிய முனையுள்ள ஊசியால், நல்ல பின்னலிலிருந்தே தொடங்கவேண்டும். முதலில் நீளவாக்கில் இழைகள். மேலும் கீழும் அவிழ்ந்து நிற்கும் கண்ணிகளை அவை பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு குறுக்காக, ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக. ஒவ்வொரு திருப்பத்திலும் நூலைக் கொஞ்சம் தளர விடவேண்டும், ஏனென்றால் துவைத்தால் புது நூல் சுருங்கும். பழகாத கை இறுக்கி இழுக்கும், ஓட்டை சுருக்குப் பையின் வாய்போலக் கூம்பும். அதைப் பிரித்துவிட்டு மறுபடி போடும் இரவுதான் கதையின் நடுப்பகுதியாக இருக்கமுடியும்.

நிறமும் ஒரு தடை. அவள் கூடையில் அதே கம்பளியின் மிச்ச உருண்டை கிடைக்கலாம். ஆனால் கார்டிகன் பல ஆண்டு வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும். உருண்டையோ வாங்கிய நாள்போலவே இருக்கும். தைத்த இடம் தனியாகத் தெரியும். பிரிட்டிஷ் கலைஞர் சீலியா பிம் இதை மறைப்பதில்லை. அவருக்குத் தாத்தா முறையான ஓவியர் ஒருவரின் கம்பளிச் சட்டை, பலகையில் ஊன்றி வரைந்ததால் கைகளில் தேய்ந்திருந்தது. ஓவியரின் சகோதரி அதைப் பலமுறை தைத்திருந்தார். பிம் மீதி ஓட்டைகளை வேறு நிற நூலில், தெரியும்படி தைத்தார். சங்கிலியில் தான் மூன்றாவது ஆள் என்பதை அவர் தையல் ஒப்புக்கொள்கிறது.

மறைவாகத் தைப்பதா, தெரியும்படி தைப்பதா என்பதை நம் கணவர் முடிவு செய்யவேண்டும். என் சாய்வு இரண்டாவதன் பக்கம்: அந்த மிச்ச உருண்டையையே அவர் எடுக்கட்டும். கார்டிகன் முழுமையாகிவிட்டது என்று முடியும் கதையை என்னால் நம்பமுடியாது. புதுத் தையல் சுற்றியுள்ள பழைய கம்பளியைவிட வலுவானது. ஆகவே இழுவை அதன் ஓரத்தில் விழும். அடுத்த குளிர்காலத்தில் பின்னல் அங்கேதான் விட்டுக்கொடுக்கும், அவர் மறுபடி ஊசி கோக்கவேண்டியிருக்கும்.